கம்பி போன தடம்

கானாடுகாத்தானில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை, தெருவின் எதிர்ப்பக்கம் நின்று படமெடுப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டு முகப்பு நம்மிடமிருந்து 15 மீட்டரில் இருக்கிறது. அதற்கு 3 மீட்டர் முன்னால், அதாவது நம்மிடமிருந்து 12 மீட்டரில், ஒரு சிமென்ட் மின்கம்பம். அதில் மூன்று பேஸ், ஒரு நியூட்ரல், தெருவிளக்குக்கு ஒன்று என ஐந்து கம்பிகள். போதாக்குறைக்கு வீட்டுக்குள் போகும் சர்வீஸ் ஒயரும், யார் எப்போது இழுத்தது என்று தெரியாத கேபிள் டிவி ஒயர்களும் உண்டு. தேரோட்டத்தன்று மின்சாரத்தை நிறுத்தி வீதியில் கம்பிகளைக் கழற்றிவிடும் ஊர்கள் இருக்கின்றன. மற்ற நாள்களில் போகிறவர்கள் கணினியில்தான் கழற்றியாக வேண்டும்.

24 மில்லிமீட்டர் லென்ஸ், 6000 பிக்சல் அகலப் படம் என்றால், கம்பம் நிற்கும் தூரத்தில் ஒரு மீட்டருக்குச் சுமார் 333 பிக்சல் கிடைக்கும். 20 செ.மீ. அகலக் கம்பம் 67 பிக்சல். ஏறக்குறைய ஒரு செ.மீ. பருமனுள்ள கம்பி மூன்றே பிக்சல். மூன்று பிக்சல்தானே, ஒரு தேய்ப்பில் போய்விடும் என்றுதான் தோன்றும். தேய்த்த பிறகு பார்த்தால் கம்பி போயிருக்கும். அது இருந்த வழியில் எண்ணெய் தடவினாற்போல வழவழப்பான ஒரு பட்டை, கூரையைத் தொடும் இடத்தில் சாம்பல் நிறக் கறை. இந்தப் பட்டையும் கறையும் ஒரே தவறின் விளைவுகள் அல்ல. இரண்டுக்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு.

முதலில் பட்டை. கம்பி இருந்த பிக்சல்களை அழித்துவிட்டால் அங்கே ஒரு பள்ளம் மிஞ்சுகிறது. அதை நிரப்ப எளிய விதி ஒன்றுதான்: பள்ளத்தில் உள்ள ஒவ்வொரு பிக்சலும் தன்னைச் சுற்றியுள்ள நான்கின் சராசரியாக இருக்கட்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் ஒரு நிலையில் எதுவும் மாறாமல் நின்றுவிடும். விளிம்பில் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு சூட்டில் பிடித்துவைத்த தோசைக்கல்லின் நடுவில் சூடு எப்படிப் பரவி நிலைகொள்ளுமோ, அதே சமன்பாடுதான் இது. லாப்லாஸின் சமன்பாடு என்பார்கள். வானத்தின் நீலம் மேலிருந்து கீழாக மெல்ல வெளுப்பதை இந்த முறை அருமையாகத் தொடர்ந்து வரைந்துவிடும். நிறத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் படத்தில் உள்ள வானம் வெறும் நிறமல்ல. கேமராவின் சென்சாரில் ஒளித்துகள்கள் சீராக விழுவதில்லை. சீரான வானத்திலும் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் கொஞ்சம் ஏறியும் இறங்கியும் இருக்கும். 255 படிகளில் இந்த ஏற்ற இறக்கம் மூன்று படி என்று கொள்வோம். ஒன்பது பிக்சல்களைச் சராசரி எடுத்தால் அது மூன்றில் ஒரு பங்காக, ஒரு படியாகச் சுருங்கும். சராசரி எடுக்கும் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுபடும் என்பது கணக்கு. சராசரிகளின் சராசரியாக உருவாகும் பள்ளத்தின் நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சாது. நிறம் சரி, பொடிமணல் போன்ற அந்த நொறுநொறுப்பு மட்டும் இல்லை. நம் கண் இதைத்தான் ‘இழுவியிருக்கிறது’ என்று கண்டுபிடிக்கிறது. நிறம் அரைப் படி தவறினால் கவனிக்காத கண், நொறுநொறுப்பு நின்றுபோன இடத்தை உடனே பிடித்துவிடும். அச்சில் வானத்தின் மாறுதல் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரிவதும் இதே இடத்தில்தான். ஏற்ற இறக்கம் இருந்தால் படிகளின் எல்லைகள் கலைந்து மறைந்திருக்கும்.

ஆகவே வானத்தை நிரப்புவது இரண்டு வேலை. மெதுவாக மாறும் நிறத்தைச் சராசரியால் நிரப்புவது ஒன்று. நொறுநொறுப்பைத் திருப்பிக் கொடுப்பது இன்னொன்று. இரண்டாவதற்குக் கணினி தரும் ‘நாய்ஸ்’ வடிகட்டியை அப்படியே போட்டால் பெரும்பாலும் ஒட்டாது. அது பிக்சலுக்குப் பிக்சல் தொடர்பில்லாமல் தூவும். கேமராவிலோ, வண்ணத்தைக் கணக்கிடும்போதே பக்கத்துப் பிக்சல்கள் கலந்துவிடுவதால், உண்மையான பொடி இரண்டு மூன்று பிக்சல் பருமனில் இருக்கும். பக்கத்து வானத்திலேயே ஒரு துண்டை எடுத்து, அதன் மங்கலாக்கிய நகலை அதிலிருந்து கழித்தால், மீதி அந்தப் படத்துக்கே உரிய பொடி. அதைக் கொண்டுவந்து பள்ளத்தின் மேல் கூட்டினால் தையல் தெரியாது.

போட்டோஷாப்பின் ஹீலிங் பிரஷ் செய்வது கிட்டத்தட்ட இதைத்தான். 2002-இல் வந்த ஏழாம் பதிப்பில் அது சேர்ந்தது. 2003-இல் பெரெஸ், காங்னே, பிளேக் என்ற மூவர் இதே வகைக் கணக்கை ஒரு புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையாக்கினார்கள். மூலத் துண்டின் நிறத்தை எடுக்காதே, பிக்சலுக்குப் பிக்சல் அதன் வேறுபாடுகளை மட்டும் எடு, நிறத்தை ஒட்டுமிடத்தின் விளிம்பிலிருந்து பெற்றுக்கொள் என்பது அதன் சாரம். அதற்கு முந்தைய குளோன் ஸ்டாம்ப் நிறத்தோடு சேர்த்து அப்படியே ஒட்டும். வானத்தில் 200 பிக்சல் மேலிருந்து எடுத்து ஒட்டினால் நீலம் ஒரு படி அழுத்தமாகி, ஒட்டுப் போட்டது தெரியும். இதனால் வானத்துக்கு ஹீலிங்கே மேல் என்று முடிவுகட்டிவிடலாம். முடிவும் சரிதான், கம்பி கூரையைத் தொடும் இடம் வரை.

கூரையோரக் கறை பிறப்பது அங்கே. ஹீலிங் தன் நிறத்தை விளிம்பிலிருந்து எடுக்கிறது என்றேன். தூரிகையின் வட்டம் பாதி வானத்திலும் பாதி நாட்டு ஓட்டிலும் விழுந்தால், விளிம்பில் ஒரு பக்கம் வெளிர்நீலம், மறுபக்கம் கரும்பழுப்பு. சமன்பாடு நேர்மையாக இரண்டையும் கலக்கிறது. பழுப்பு வானத்துக்குள் கசிகிறது. கருவியின் மேல் பழி போடுவதில் பொருளில்லை. எல்லைக்கோடு என்று ஒன்று இருப்பதே அந்தச் சமன்பாட்டுக்குத் தெரியாது.

கம்பி அழிப்பவர்கள் இதற்காகக் கைக்கொள்ளும் வரிசை இப்படி: ஒரு கம்பியை ஒரே இழுப்பில் அழிப்பதில்லை. அது எதன் மேல் போகிறதோ அதன்படி துண்டு போடுவார்கள். வானத்தின் மேல் ஒரு துண்டு, வேப்பமரக் கிளைகளின் மேல் ஒரு துண்டு, ஓட்டின் மேல் ஒன்று, சுவரின் மேல் ஒன்று. சந்திப்புகளில் இருபுறமும் ஏழெட்டுப் பிக்சல் விட்டுவிடுவார்கள். முதலில் அந்தச் சந்திப்புகளைக் குளோன் ஸ்டாம்பால், கெட்டியான விளிம்புள்ள சின்னத் தூரிகையால் சரிசெய்வார்கள். கூரையின் அதே விளிம்பில் பக்கத்திலிருந்து மூலம் எடுத்து, விளிம்புக்கோடு கோட்டின் மேலேயே உட்காரும்படி ஒட்டுவது. கம்பி இப்படி அங்கங்கே துண்டிக்கப்பட்டு வானத்தில் தனியாக மிதக்கத் தொடங்கிய பிறகுதான் ஹீலிங். அப்போது அதன் விளிம்பில் வானத்தைத் தவிர வேறு நிறம் இருக்காது. கசியவும் ஒன்றுமில்லை.

இன்னொரு கசிவும் உண்டு. அதை உருவாக்குவது தேர்வின் அகலம். படத்தில் கம்பி மூன்று பிக்சல் என்றாலும் அதன் தாக்கம் மூன்றோடு நிற்பதில்லை. லென்ஸ் அதன் ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாக ஒரு நூலைச் சேர்க்கும். கேமரா தானாகக் கூர்மையாக்கும்போது கருங்கோட்டின் இருபுறமும் வெளிறிய கரை போடும். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாக வெட்டிச் சுருக்குவதால், ஒரு கூர்மையான கோட்டின் அதிர்வு அந்தக் கட்டம் முழுக்கச் சிற்றலையாகப் பரவும். நிறத் தகவலைப் பாதியாகக் குறைத்துச் சேமிக்கும் வழக்கமான ஜேபெக்கில், நிறக்கறை பதினாறு பிக்சல் வரை போகலாம். கம்பியை மட்டும் நெருக்கிப் பிடித்துத் தேர்ந்தெடுத்தால், பள்ளத்தின் விளிம்பாக மிஞ்சுவது இந்த அழுக்குக் கரைகள். சராசரி அவற்றை உள்ளே இழுக்கிறது. கம்பியின் பேய் போல ஒரு வெளிறிய கோடு நிற்கிறது. பக்கத்துக்கு நான்கைந்து பிக்சல் கூட்டி, மூன்று பிக்சல் கம்பிக்குப் பன்னிரண்டு பிக்சல் பட்டையாக அழிப்பதுதான் சுத்தம். கேமராவின் ரா கோப்பிலிருந்து, கூர்மையாக்கலை நிறுத்திவைத்து வேலை செய்தால் பாதி அகலம் போதும்.

ஓடும் கிளையும் வேறு கதை. அங்கே சராசரி அடியோடு தோற்கும். ஓட்டு வரிசையின் சராசரி ஓடாக இராது, பழுப்புக் குழம்பாக இருக்கும். 2000-ஆம் ஆண்டில் பெர்தால்மியோவும் சபிரோவும் கூட்டாளிகளும் பள்ளத்துக்குள் கோடுகளை நீட்டித்து நிரப்பும் சமன்பாட்டை வெளியிட்டார்கள். மினியாபொலிஸ் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைச் செப்பனிடுகிறவர்களிடம் கேட்டறிந்து அமைத்த முறை அது. கோடுகளை நன்றாகத் தொடரும். நெளிநெளியான நுண்வடிவங்களை அதுவும் தராது. அதற்கு ஓராண்டு முன்பே, 1999-இல், பெர்க்லியில் எஃப்ரோஸும் லெயுங்கும் சமன்பாட்டையே விட்டுவிட்டு வேறு வழி பிடித்திருந்தார்கள். நிரப்ப வேண்டிய பிக்சலின் அக்கம்பக்கத்தைப் பார், அதே அக்கம்பக்கம் படத்தில் வேறெங்கே இருக்கிறது என்று தேடு, அங்கே நடுவில் இருப்பதைக் கொண்டுவந்து வை. எதையும் கலப்பதில்லை, எடுத்து வைப்பது மட்டும்தான். அதனால் நொறுநொறுப்பு குறைவதே இல்லை.

இதில் சூட்சுமம் அக்கம்பக்கத்தின் அளவு. ஓர் ஓட்டின் அகலம் 30 பிக்சல் என்றிருக்க, 9 பிக்சல் சன்னலில் பார்த்தால் ஓடு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் கண்டதை நட்டு வளர்க்கும். ஓட்டைவிட மிகப் பெரிய சன்னல் வைத்தால், படத்திலுள்ள ஒரே துண்டை அப்படியே திரும்ப ஒட்டும். முனை உடைந்த ஓர் ஓடு பத்தடி தள்ளி அதே உடைப்போடு இன்னொரு முறை வந்து நிற்கும். வடிவத்தின் ஓர் அலகைவிடச் சற்றே பெரிய சன்னல்தான் நல்லது. கையால் குளோன் செய்கிறவருக்கும் இதே விதி. தூரிகை ஓர் ஓட்டைவிடக் கொஞ்சம் பெரியதாக, மூலம் அதே வரிசையில் பக்கவாட்டில், தள்ளிவைப்பு சரியாக முழு ஓடுகளின் எண்ணிக்கையில் இருக்க வேண்டும். அரை ஓடு தவறினால் வரிசை பல்லிளிக்கும்.

கம்பத்துக்கு வருவோம். 67 பிக்சல் அகலமும் மேலிருந்து கீழ்வரை நீளமும் கொண்ட பள்ளம் இது. அதன் குறுக்கே கூரை விளிம்பு, சன்ஷேடு, கார்னிஸ் பட்டைகள், திண்ணை விளிம்பு என்று படுக்கைக் கோடுகள் இருபுறமிருந்தும் வந்து முட்டுகின்றன. வெளிவிளிம்பிலிருந்து உள்ளே சுற்றிச் சுற்றி நிரப்பிக்கொண்டே போனால், இடமிருந்து வந்த கோடும் வலமிருந்து வந்த கோடும் நடுவில் சந்திக்காமல் நொடித்துப் போகும். கிரிமினிசி, பெரெஸ், டோயாமா ஆகியோர் 2003–04-இல் இதற்குச் சொன்ன தீர்வு நிரப்பும் வரிசையை மாற்றுவது. அழுத்தமான கோடு பள்ளத்தின் விளிம்பைக் குறுக்காக முட்டும் இடத்தை முதலில் நிரப்பு. அக்கம்பக்கத்தில் உறுதியான பிக்சல்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதையும் எடைபோடு. கோடுகள் முதலில் பாலம் போட்டுவிடும், இடைவெளிகள் பின்னால் நிரம்பும். 2010-இல் போட்டோஷாப்பில் வந்த தானியங்கி நிரப்பலுக்குப் பின்னால் இருப்பது பேட்ச்மேட்ச் என்ற 2009-ஆம் ஆண்டு வழிமுறை. ஒத்த துண்டுகளைத் தேடுவதை அது பல மடங்கு வேகமாக்கியது. அதற்குக் கம்பத்தை மொத்தமாக ஒப்படைப்பதைவிட, கார்னிஸையும் சன்ஷேடையும் நாமே குளோன் செய்து பாலம் கட்டிவிட்டு, நடுவில் உள்ள வெறும் சுவரை மட்டும் ஒப்படைப்பது எப்போதும் நல்லது.

ஆனால் இவை எல்லாமே ஊகம். கம்பத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு மாடக்குழி இருந்திருந்தால் எந்தக் கணக்கும் அதைக் கொண்டுவராது. பத்திரிகைச் செய்திப் படத்தில் இந்த வேலை கூடாது என்பது ஒருபுறமிருக்க, கட்டடக்கலை ஆவணத்திலும் இது உறுத்தும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. படமெடுக்கும்போதே இரண்டடி எடுத்துவைத்தால் போதும்.

நாம் பக்கவாட்டில் நகர்ந்தால், அருகிலுள்ள கம்பம் தூரத்துச் சுவரின் மேல் எதிர்த்திசையில் நகர்வது போலத் தெரியும். நம் படத்தில் 20 செ.மீ. கம்பம் சுவரில் மறைப்பது 20-ஐ 15-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 25 செ.மீ. நாம் ஒரு மீட்டர் நகர்ந்தால் இந்த மறைப்பு சுவரில் 12-இல் 3 பங்கு, கால் மீட்டர் நகரும். ஆக ஒரு மீட்டர் நகர்ந்தாலே முதல் படத்தில் மறைந்த சுவர் முழுவதும் இரண்டாவதில் வெளியே வந்துவிடும். ஓரத்துக்குக் கொஞ்சம் கூட்டி 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பொதுவாகச் சொன்னால், கம்பத்தின் அகலத்தைச் சுவரின் தூரத்தால் பெருக்கி, கம்பத்துக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியால் வகுக்க வேண்டும். கம்பம் சுவரை ஒட்டி, ஒரு மீட்டர் இடைவெளியில் நின்றால் இதே கணக்கு மூன்று மீட்டர் நகரச் சொல்லும். சுவரில் சாய்ந்தே நின்றால் எவ்வளவு நடந்தாலும் பயனில்லை.

இரண்டாம் படம் கொஞ்சம் வேறு கோணத்தில் இருக்கும். தட்டையான சுவரென்றால் அதைச் சரிசெய்ய நான்கு புள்ளிகள் போதும். சன்னல் மூலைகள் நான்கை இரு படங்களிலும் அடையாளம் காட்டினால், ஒரு படத்தின் சுவரை மற்றதன் மேல் பிசகில்லாமல் படிய வைக்கும் உருமாற்றம் கிடைத்துவிடும். பிறகு கம்பம் இருக்கும் பட்டையில் மட்டும் இரண்டாம் படத்தைத் திறந்துவிட வேண்டியதுதான். இடம், நடு, வலம் என மூன்று படம் எடுத்துப் படியவைத்தால் தேர்வு செய்யும் வேலையும் மிச்சம். ஒவ்வொரு பிக்சலிலும் மூன்று மதிப்புகளை வரிசைப்படுத்தி நடுமதிப்பை எடுத்தால், கம்பம் எந்த இடத்திலும் ஒரு படத்தில்தானே இருக்கும், அது வரிசையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு விழுந்துவிடும். தெருவில் நடந்துபோகிறவர்களும் அப்படியே காணாமல் போவார்கள். சுவரின் தளத்திலிருந்து முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு, திண்ணைத் தூண், பால்கனிக் கிராதி மட்டும் இந்த உருமாற்றத்துக்கு அடங்காமல் இரட்டையாகத் தெரியும். அவற்றைத் தனித்தனியே படியவைக்க வேண்டும், இல்லையென்றால் பழையபடி குளோன்தான். வானத்துக்கும் இந்த முறை வேண்டாம், நாம் நகரும் நேரத்தில் மேகமும் நகர்ந்திருக்கும்.

வேலை முடிந்ததும் சோதிக்கக் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. கர்வ்ஸ் கட்டளையில் வானத்தின் பகுதியைச் செங்குத்தாக்கி, இல்லாத மாறுபாட்டை ஊதிப் பெரிதாக்கிப் பார்த்தால், வழவழத்த பட்டைகள் மேடுபள்ளமாக எழுந்து நிற்கும். திருப்பி ஒட்டிய ஓடுகளைக் கண்டுபிடிக்கப் படத்தை இடவலமாகப் புரட்டி, சிறிதாக்கிப் பார்க்க வேண்டும். பழகிய கண்ணுக்கு அப்போதுதான் படம் புதிதாகத் தெரியும்.

மூன்று படம் எடுத்தாலும் போகாதது கம்பத்தின் நிழல். அது சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதால் மூன்றிலும் ஒரே இடத்தில் நிற்கும். கம்பத்தை அழித்துவிட்டு நிழலை விட்டுவைத்த படங்கள் எத்தனையோ அச்சாகியிருக்கின்றன, ஆளில்லாமல் நிழல் மட்டும் சுவரில் நிற்கும். இதை நிரப்பத் தேவையில்லை. நிழலுக்குள்ளும் சுவர் தெரிகிறது, வெளிச்சம்தான் குறைவு. வெயில் பட்ட சுவரின் சிவப்பு, பச்சை, நீல மதிப்புகளை நிழலின் மதிப்புகளால் தனித்தனியே வகுத்து, அந்த விகிதங்களால் நிழலைப் பெருக்கினால் போதும். நிழலுக்கு ஒளி தருவது நீல வானம். அதனால் சிவப்பை அதிகமாகவும் நீலத்தைக் குறைவாகவும் ஏற்ற வேண்டியிருக்கும். மூன்றையும் ஒரே அளவில் ஏற்றினால் சுவரில் நீலம் பாய்ந்த ஒரு பட்டை நிற்கும். ரா கோப்பின் நேர்விகித மதிப்புகளில் செய்தால்தான் இந்தப் பெருக்கல் சரியாக வரும்.

மீதமிருப்பது நிழலின் மங்கலான ஓரம். சூரியன் புள்ளியல்ல, வானத்தில் அரைப் பாகை அகலமுள்ள வட்டு. அதனால் நிழல் விழும் தூரத்தில் 108-இல் ஒரு பங்கு அகலத்துக்கு ஓரம் கலங்கும். 3 மீட்டருக்கு இது கிட்டத்தட்ட 3 செ.மீ., நம் படத்தில் ஏழெட்டுப் பிக்சல். வெயில் சாய்வாக வந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். அந்த மெல்லிய இரு ஓரங்களை மட்டும் ஹீலிங்கால் தொட்டால் போதும். கம்பிகளின் நிழலுக்கு அந்த வேலையும் இல்லை. ஒரு செ.மீ. கம்பியின் முழு நிழல் அதற்குப் பின்னால் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் வரைதான் நீளும். சுவரோ மூன்று மீட்டருக்கு அப்பால். அங்கே போய்ச் சேர்வது மூன்று நான்கு செ.மீ. அகலத்துக்குப் பரவிய மெல்லிய மங்கல், சுண்ணாம்புச் சுவரின் சொந்தக் கறைகளுக்கு நடுவில் பெரும்பாலும் அடையாளமே தெரியாது.